சாத்தனூர் கல்மரத்தின் வயது: அடுக்கு சொல்வதும் எண் சொல்வதும்

கேள்வி: "பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் உள்ள கல்மரத்தை மகளுக்குக் காட்டினேன். 12 கோடி ஆண்டு பழையது என்று படித்திருந்ததைச் சொன்னேன். 'மரத்திலா எழுதியிருக்கிறது, யார் எண்ணிப் பார்த்தார்கள்?' என்று கேட்டாள். தேடினால், பாறையின் வயதைப் புதைபடிவம் காட்டுகிறது, புதைபடிவத்தின் வயதைப் பாறை காட்டுகிறது என்று வருகிறது. இது வட்டமடிப்பது இல்லையா? அடிப்படையிலிருந்து யாராவது விளக்க முடியுமா?"

வரிசை, எண் என்ற இரண்டு வேறு விஷயங்கள் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டதால்தான் அது வட்டமாகத் தெரிகிறது. எது முன், எது பின் என்பது வரிசை. எத்தனை ஆண்டு முன் என்பது எண். நிலவியலில் வரிசை முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. எண் ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, முற்றிலும் வேறொரு வழியில் வந்து சேர்ந்தது. நான் கல்லூரியில் நிலவியல் கற்பித்தவன். மாணவர்களை ஆண்டுதோறும் காரை, கருடமங்கலம், அரியலூர் என்று அழைத்துப் போயிருக்கிறேன். உங்கள் மகள் கேட்டதை அந்த வெயிலில் நின்று பல மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள். அதே நிலத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

நமக்குப் பழக்கமான ஒன்றிலிருந்து தொடங்கலாம். தஞ்சைக் கல்வெட்டில் "இராசராச தேவர்க்கு யாண்டு இருபத்தைந்தாவது" என்பது போல இருக்கும். கி.பி. எதுவும் இருக்காது. அந்தக் கல்வெட்டு மட்டும் கையில் இருந்தால், அது இராசராசன் ஆட்சியின் 25ஆம் ஆண்டு என்று சொல்லலாம்; அவனுக்குப் பின் இராசேந்திரன் வந்தான் என்பதால் இராசேந்திரன் கல்வெட்டுக்கு முந்தியது என்றும் சொல்லலாம். எத்தனை ஆண்டு முன் என்று சொல்ல முடியாது. பிறகு வேறு சில கல்வெட்டுகளில் சக ஆண்டோ கிழமை, திதி, நட்சத்திரக் குறிப்போ கிடைத்தது. அவற்றைக் கணக்கிட்டு இராசராசன் அரியணை ஏறியது 985 என்று நிறுவினார்கள். அதன்பின் ஆட்சியாண்டு மட்டும் உள்ள எல்லாக் கல்வெட்டுக்கும் எண் கிடைத்துவிட்டது. மன்னர் வரிசை ஒரு சான்று. வானியல் கணக்கு வேறொரு சான்று. ஒன்றை ஒன்று தாங்கி நிற்கவில்லை. பாறைகளில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

வரிசையை முதலில் பார்ப்போம். நீருக்கடியில் மணலும் சேறும் படியும்போது, கீழே இருப்பது முதலில் படிந்தது, மேலே இருப்பது பின்னால் படிந்தது. 1669இல் நிக்கோலஸ் ஸ்டெனோ இதை எழுதிவைத்தார். அதற்கு மேல் ஒரு படி ஏறியவர் இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் வேலைக்கு நிலம் அளந்த வில்லியம் ஸ்மித். வெட்டப்பட்ட கரைகளில் அடுக்குகளைப் பார்த்துப் பார்த்து அவர் ஒன்றைக் கவனித்தார். நிறத்திலும் தன்மையிலும் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு களிமண் அடுக்குகளை, உள்ளே இருக்கும் சிப்பிகளைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடிந்தது. ஓர் ஊரில் கீழடுக்கில் இருந்த சிப்பி, வேறோர் ஊரிலும் கீழடுக்கில்தான் இருந்தது. வரிசை எங்கும் புரளவில்லை. அதை வைத்து 1815இல் இங்கிலாந்தின் நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். டார்வினின் பரிணாமக் கொள்கை அச்சில் வர இன்னும் 40 ஆண்டுக்கு மேல் இருந்தது. உயிர்கள் ஏன் மாறின என்பதற்கு ஸ்மித்திடம் எந்த விளக்கமும் இல்லை. விளக்கம் அவருக்குத் தேவைப்படவும் இல்லை. மண்வெட்டி பட்ட கரையில் கண்ணால் கண்ட வரிசை அது. ஆகவே, புதைபடிவங்களின் வரிசையைப் பாறை அடுக்கின் கீழ்-மேல் நிலை சொன்னது. அங்கே ஆண்டுக் கணக்கே இல்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். 1840களில் இரண்டு ஆங்கிலேயர்கள் திருச்சி, புதுச்சேரிப் பகுதிகளில் பொறுக்கிய சிப்பிகளும், அம்மோனைட் என்ற பழைய கடல் உயிரியின் சுருள் ஓடுகளும் லண்டனுக்குப் போயின. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றைப் பார்த்து 1846இல், இவை ஐரோப்பாவின் சுண்ணப் பாறைகளில் கிடைப்பவற்றோடு ஒத்தவை என்று எழுதினார். அந்தச் சுண்ணப் பாறைகளின் காலத்துக்கு 1822இலேயே கிரெட்டேசியஸ் என்று பெயர் சூட்டப்பட்டிருந்தது. பின்னர் ஹென்றி பிளான்ஃபோர்ட் என்ற இளைஞர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக ஊர் ஊராக நடந்து வரைபடம் போட்டு, 1862இல் பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். கீழே ஊட்டத்தூர்த் தொகுதி, நடுவில் திருச்சிராப்பள்ளித் தொகுதி, மேலே அரியலூர்த் தொகுதி. இந்தப் பெயர்கள் இன்றைக்கும் வழக்கில் உள்ளன. (இதே பிளான்ஃபோர்ட்தான் பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார்.) அவர் சேர்த்த புதைபடிவங்களை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா ஒவ்வொன்றாக விவரித்துப் படத்தோடு பதிப்பித்தார். இவர்களில் யாரிடமும் "இத்தனை கோடி ஆண்டு" என்ற எண் கிடையாது. ஆனாலும் அவர்கள் போட்ட வரிசை இன்றும் நிற்கிறது.

நீங்களே இந்த வரிசையை ஒரு பகலில் கடக்கலாம். இங்குள்ள அடுக்குகள் கிடைமட்டமாக இல்லை. கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருக்கின்றன. சாய்த்து வைத்த ஒரு கட்டுத் தாளின் மேற்பக்கத்தைச் சீவிவிட்டது போல எண்ணிக்கொள்ளுங்கள். அடித்தாள் மேற்கோரத்தில் வெளியே தெரியும். கிழக்கே போகப் போக மேல்தாள்கள் வரும். அதனால் பெரம்பலூர்ச் சீமையில் கிழக்கே போவது காலத்தில் முன்னேறுவதாகும். மேற்கே அடித்தளமாக மிகப் பழைய கருங்கல். அதன்மேல் தெரணி போன்ற இடங்களில் இலைப் பதிவுகள் கொண்ட வெள்ளைக் களிமண். அதையடுத்து ஊட்டத்தூர்த் தொகுதி. கல்லக்குடியில் சிமெண்டுக்கு வெட்டும், பவளமும் பாசியும் கட்டிய சுண்ணாம்புக்கல்லும், காரை-கொளக்காநத்தம் பக்கத்தில் மழை அரித்து ஓடை ஓடையாகக் கிடக்கும் களிமண் பூமியும் இதில் அடங்கும். அந்தக் களிமண் ஆழமான, அமைதியான கடலில் படிந்தது. அதற்கு மேலே, அதாவது கிழக்கே, கருடமங்கலம் பக்கம் சிப்பி நிறைந்த சுண்ணாம்புக்கல்லும் பரும்மணற்கல்லும் கொண்ட திருச்சிராப்பள்ளித் தொகுதி. உங்கள் கல்மரம் கிடப்பது இதில்தான். இன்னும் கிழக்கே போனால் சில்லக்குடி மணற்கல், கல்லங்குறிச்சியின் சிப்பிச் சுண்ணாம்புக்கல் எனத் தொடரும் அரியலூர்த் தொகுதி. அதையும் தாண்டினால் நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்.

இத்தனை அடுக்கிலும் ஏதோ ஒரு சிப்பி இருக்கும். எல்லாச் சிப்பியும் காலம் காட்ட உதவாது. கல்லங்குறிச்சி வெட்டுக் குழிகளில் கையளவு தடித்த கிளிஞ்சல்கள் குவியலாகக் கிடக்கும். மாணவர்கள் முதலில் அவற்றைத்தான் எடுப்பார்கள். அந்த வகைச் சிப்பிகள் ஆழமற்ற, அலை கலக்கும் அடித்தரையை விரும்பியவை. அப்படிப்பட்ட தரை எப்போதெல்லாம் வந்ததோ அப்போதெல்லாம் அவையும் அவற்றின் உறவுகளும் வந்தன. ஆகவே அவை இடத்தைச் சொல்லும். காலத்தைத் துல்லியமாகச் சொல்லா. காலத்துக்கு நாங்கள் தேடுவது அம்மோனைட். சாளக்கிராமம் பார்த்திருப்பீர்கள், கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கல்லின் உள்ளே சக்கரம் போலத் தெரிவது அம்மோனைட்தான், ஆனால் அரியலூருடையதைவிடப் பழையது. கணவாய் மீனுக்கு உறவான இந்த உயிரி நீரில் மிதந்து திரிந்தது. செத்த பின்னும் அறைகள் கொண்ட ஓடு மிதந்து தொலைவுக்குப் போகக்கூடியது. அதனால் ஒரே இனம் பல கடல்களில் கிடைக்கும். அதோடு இனங்கள் வேகமாக மாறின: ஓர் இனம் தோன்றி மறைய எடுத்துக்கொண்டது பெரும்பாலும் சில லட்சம் ஆண்டிலிருந்து பத்து, இருபது லட்சம் ஆண்டுக்குள். பரந்து கிடைக்க வேண்டும், குறைந்த காலமே வாழ்ந்திருக்க வேண்டும், எளிதில் அடையாளம் தெரிய வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த உயிரிதான் ஆட்சியாண்டு போலப் பயன்படும்.

இங்கே மன்னர் வரிசையும் கிடைத்துவிட்டது. ஊட்டத்தூர்க் களிமண்ணின் மேற்பகுதியில் மாமிட்டெஸ் என்ற முண்டு முண்டான அம்மோனைட் வரும். திருச்சிராப்பள்ளித் தொகுதியில் கோஸ்மாட்டிசெராஸ் வரும். 1890களில் தென்னிந்திய அம்மோனைட்டுகளை ஆராய்ந்த ஃபிரான்ஸ் கோஸ்மாட்டின் பெயரைத் தாங்கியது அது. அரியலூர்த் தொகுதியின் கீழ்ப்பகுதியில் கராபடைட்டெஸ். அரியலூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரால் உலகெங்கும் வழங்கும் அம்மோனைட் அது. மாமிட்டெஸ் இருக்கும் அடுக்குக்கு மேலே கோஸ்மாட்டிசெராஸ், அதற்கும் மேலே கராபடைட்டெஸ். ஓடைக்கரைகளில் இந்த வரிசை தலைகீழாக வந்ததில்லை.

நிலவியல் கால அட்டவணை என்று பாடப் புத்தகத்தில் வண்ணக் கட்டங்களாகப் போடுவது இந்த வரிசையின் உலகளாவிய பட்டியல்தான். பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி என்ற அமைப்பு அதற்கு. மெசோசோயிக் என்ற பெரும் பிரிவுக்குள் டிரையாசிக், ஜுராசிக், கிரெட்டேசியஸ் என மூன்று காலங்கள். கிரெட்டேசியஸ் சுமார் 14.5 கோடி ஆண்டு முன்னிருந்து 6.6 கோடி ஆண்டு முன்வரை நீள்கிறது. அதற்குள் பன்னிரண்டு சிறு பகுதிகள். நமக்கு இங்கே வேண்டியவை அவற்றில் நான்கைந்துதான்: செனோமேனியன், டியூரோனியன், கோனியாசியன், சாண்டோனியன், கம்பேனியன், இந்த வரிசையில். முதலில் இவை வெறும் பெயர்கள், ஆட்சிகள். ஒவ்வோர் ஆட்சியும் எங்கே தொடங்குகிறது என்பதை உலகில் ஓர் இடத்தில், ஒரு குறிப்பிட்ட பாறையில், ஒரு குறிப்பிட்ட அடுக்கில் கோடு போட்டுச் சொல்லும் வழக்கம் பின்னால் வந்தது. டியூரோனியனின் தொடக்கக் கோடு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பியூப்லோ என்ற ஊருக்கு அருகே இருக்கிறது. வாட்டினோசெராஸ் இனத்து அம்மோனைட் ஒன்று முதன்முதலில் தலைகாட்டும் அடுக்கு அது.

எண் வருவது இங்கேதான். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் நடுப்பகுதி முழுவதும் ஆழமற்ற கடல். மேற்கே எரிமலைகள் வெடிக்கும்போதெல்லாம் சாம்பல் காற்றில் வந்து கடலில் விழுந்து, அம்மோனைட் கிடக்கும் அடுக்குகளுக்கிடையே மெல்லிய களிமண் பட்டையாகப் படிந்தது. சாம்பலில் சிர்க்கான் என்ற மிகச் சிறிய படிகங்கள் இருக்கும். சிர்க்கான் உருவாகும்போது யுரேனியத்தைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய முழுவதுமாக வெளியே தள்ளிவிடும். யுரேனியம் மாறாத வேகத்தில் சிதைந்து ஈயமாகும். எனவே இன்றைக்கு அந்தப் படிகத்தில் இருக்கும் ஈயம், படிகம் பிறந்த நாளிலிருந்து உள்ளேயே சேர்ந்தது. இருப்பதை எண்ணினால் கழிந்த காலம் தெரியும்.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். யுரேனியம்-238இல் பாதி சிதைய 447 கோடி ஆண்டு ஆகும். பியூப்லோ கோட்டின் வயது 9 கோடியே 39 லட்சம் ஆண்டு. அவ்வளவு காலத்தில் ஆயிரம் யுரேனியம்-238 அணுக்களில் 14 அல்லது 15 மட்டுமே ஈயமாகியிருக்கும். மிகக் குறைவுதான், ஆனால் இன்றைய கருவிகளால் அளக்கக்கூடியது. அதே படிகத்தில் யுரேனியம்-235 என்ற இன்னொரு வகையும் உண்டு. அதில் பாதி சிதைய 70 கோடி ஆண்டு போதும். அதே காலத்தில் அதன் ஆயிரம் அணுக்களில் சுமார் 88 சிதைந்திருக்க வேண்டும். அது வேறொரு வகை ஈயமாகும். ஒரே படிகத்துக்குள் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் நம்பலாம். படிகத்தில் விரிசல் விட்டு ஈயம் கசிந்திருந்தால் இரண்டும் முரண்படும். அந்தப் படிகத்தை ஒதுக்கிவிடுவார்கள். சாம்பலில் உள்ள வேறொரு கனிமத்தில் பொட்டாசியம் ஆர்கானாக மாறுவதை அளந்தும் சரிபார்த்திருக்கிறார்கள். இதில் எந்த இடத்திலும் அம்மோனைட்டின் சாட்சியம் கேட்கப்படவில்லை. வட்டம் இங்கேதான் அறுபடுகிறது.

இப்போது சாத்தனூருக்குத் திரும்புவோம். கல்மரத்திலிருந்து வயதை நேரடியாக எடுக்க வழியில்லை. மரத்தின் பொருள் போய், அதன் இடத்தில் சிலிக்கா வந்து அமர்ந்துவிட்டது. கார்பன் முறை இங்கே உதவாது. கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுதான், ஏறக்குறைய 50,000 ஆண்டுக்கு மேல் அளக்க எதுவும் மிஞ்சாது. இந்த அடுக்குகளில் பியூப்லோவில் இருப்பதுபோல ஒழுங்கான சாம்பல் பட்டை வரிசையும் இல்லை. ஆகவே மரத்தைக் கீழும் மேலும் இருந்து நெருக்க வேண்டும். கீழே ஊட்டத்தூர்த் தொகுதியின் உச்சியில் மாமிட்டெஸ் இருக்கிறது; இது டியூரோனியனின் தொடக்கப் பகுதிக்கு உரிய அம்மோனைட். டியூரோனியன் தொடங்கியது 9 கோடியே 39 லட்சம் ஆண்டு முன். மரம் அதற்கு மேலடுக்கில் கிடக்கிறது, எனவே அதைவிட இளையது. மேலே அரியலூர்த் தொகுதியின் அடிப்பகுதியில் கராபடைட்டெஸ். இது கம்பேனியனுக்கு உரியது. கம்பேனியன் தொடங்கியது சுமார் 8 கோடியே 36 லட்சம் ஆண்டு முன். மரம் அதற்குக் கீழே இருக்கிறது, எனவே அதைவிட மூத்தது. இடைவெளி ஒரு கோடி ஆண்டாகச் சுருங்கிவிட்டது. திருச்சிராப்பள்ளித் தொகுதியின் சொந்த அம்மோனைட்டுகள், அதிலும் கோஸ்மாட்டிசெராஸ், டியூரோனியனின் பிற்பகுதி, கோனியாசியன் என்று இன்னும் நெருக்குகின்றன. ஏறக்குறைய 9 கோடி ஆண்டு, சில பத்து லட்சம் முன்பின்.

அப்படியானால் நீங்கள் படித்த 12 கோடி? அந்த எண் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் மரம் கிடக்கும் அடுக்கோடு அது பொருந்தாது. 12 கோடி ஆண்டு முன் என்றால் ஊட்டத்தூர்க் கடல் அடுக்குகளுக்கும் முந்திய காலம். மரம் அப்போதே கல்லாகி, பிறகு அரிக்கப்பட்டு, 3 கோடி ஆண்டு கழித்து இந்த அடுக்கில் வந்து விழுந்திருக்கலாமே என்று கேட்கலாம். நல்ல கேள்விதான், சிறு துண்டுகளுக்கு அது நடப்பதுண்டு. ஆனால் இந்தத் தண்டு 18 மீட்டருக்கும் மேல் நீளம். கல்லாகிவிட்ட மரம் கண்ணாடி போல நொறுங்கும். அலையோ வெள்ளமோ அதை இழுத்து வந்திருந்தால் துண்டு துண்டாகத்தான் வந்திருக்கும். இவ்வளவு நீளத்துக்கு ஒன்றாகக் கிடக்கிறது என்றால், அது மரமாகவே மிதந்து வந்து, மணலில் புதைந்து, அங்கேயே கல்லானது. மரம் நீரில் மிதந்திருக்கக்கூடிய காலம் சில ஆண்டு, மிஞ்சிப் போனால் சில பத்தாண்டு. 9 கோடிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆகவே மரத்தின் வயதும் அடுக்கின் வயதும் ஒன்றே. 1940இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் இந்த மரத்தைப் பதிவு செய்தபோதும் அதன் மதிப்பு அது கிடந்த அடுக்கில்தான் இருந்தது.

தவறு எங்கே நேரும் என்பதைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காரைப் பக்கத்து ஓடை ஒன்றின் அடியில் அழகான அம்மோனைட் ஒன்றை எடுத்தேன். கரையில் இருந்த களிமண் அடுக்கின் எண்ணை அதற்கு எழுதிவிட்டேன். உடன் வந்த மூத்தவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். சுருளின் உட்குழிவில் ஒட்டியிருந்தது களிமண் அல்ல, பரும்மணல். மேலே, வேறோர் அடுக்கிலிருந்து மழை உருட்டிக் கொண்டுவந்தது அது. நான் எழுதிய எண்ணின்படி அந்த அடுக்கு உண்மையில் இருப்பதைவிட இளையதாகிவிட்டிருக்கும். அன்றிலிருந்து, பாறைக்குள் பதிந்திருப்பதை மட்டுமே அடுக்கோடு சேர்த்து எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். பழைய கடலிலும் இதே போன்ற புரளல் நடந்திருக்கிறது: பழைய அடுக்கு அரிபட்டு, அதன் புதைபடிவம் புதிய அடுக்கில் சேரும். அப்படிச் சேர்ந்தது பெரும்பாலும் உரசித் தேய்ந்திருக்கும்; உள்ளே நிரம்பிய மண்ணும் வெளியே சூழ்ந்த மண்ணும் வேறுபடும்; கூடவே இருக்கும் மற்ற இனங்களோடு ஒத்துப்போகாது. இராசராசன் காசு ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடத்தில் கிடைப்பது போலத்தான். குடத்திலுள்ள கடைசிக் காசுதான் குடத்தின் வயதைச் சொல்லும்.

சிர்க்கானிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. கருடமங்கலத்து மணற்கல்லை இடித்து அதிலுள்ள சிர்க்கானை அளந்தால் 9 கோடி வரும் என்று எண்ணாதீர்கள். 50 கோடி, 250 கோடி என்றுதான் வரும். அவை மேற்கே உள்ள கருங்கல் மலைகளில் பிறந்து, அரிபட்டு, ஆற்றில் வந்த மணிகள். அவை சொல்வது தங்கள் பிறப்பை. மணல் படிந்த நாளை அல்ல. அதனால்தான் காற்றில் வந்து உடனே விழுந்த எரிமலைச் சாம்பலை நாடுகிறோம். அது கிடைக்காத இடத்தில் அம்மோனைட்தான் பாலம்.

இந்த வரிசையிலிருந்து பழைய நிலத்தின் தோற்றத்தையும் படிக்கலாம். காரைக் களிமண்ணில் மணல் குறைவு. கரை தொலைவில் இருந்தது. அதற்கு மேலே பரும்மணலும், கரையோரச் சிப்பியும், மரத் தண்டுகளும் வருகின்றன. சாத்தனூரில் மட்டுமல்ல, வரகூர், ஆனைப்பாடி பக்கங்களிலும் கல்மரத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. கடல் பின்வாங்கி, ஆறுகள் மணலையும் மரங்களையும் கொண்டுவந்து கொட்டின என்று படிக்கிறோம். இங்குள்ள கல்மரத் துண்டுகள் சிலவற்றில் விரல் பருமனில் வளைந்த துளைகளைக் காணலாம். கப்பல் பலகையைத் தின்னும் புழு என்று நம் மீனவர்கள் சொல்லும் சிப்பிக்கு முன்னோர் துளைத்தவை அவை. அந்த உயிரி கடல்நீரில்தான் வாழும். ஆகவே மரம் நிலத்தில் வளர்ந்தது, ஆனால் கடலில் மிதந்தது. காடு சாத்தனூரிலேயே இருந்தது என்று சொல்ல அடுக்கில் ஆதாரம் இல்லை. அது மேற்கே எங்கோ மேட்டு நிலத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது ஊகம், நல்ல ஊகம்.

உறுதியின் அளவு அடுக்குக்கு அடுக்கு மாறும் என்பதையும் கவனியுங்கள். மாமிட்டெஸ் உள்ள அடுக்கைச் சில லட்சம் ஆண்டு துல்லியத்தில் பேசலாம். தெரணிக் களிமண்ணில் அம்மோனைட் இல்லை, இலைகள் மட்டுமே. தாவர இனங்கள் நீண்ட காலம் மாறாமல் இருக்கும். எனவே அது கிரெட்டேசியஸின் முற்பகுதி என்பதற்கு மேல் துல்லியமாகப் பேச யாரும் துணியக் கூடாது. டைனோசர் எலும்புகள் கிடைத்த கல்லமேட்டு மணற்கல்லும் ஆற்றுப் படிவு, அதிலும் அம்மோனைட் இல்லை; அதன் வயதைக் கீழும் மேலும் உள்ள கடல் அடுக்குகள்தான் கட்டுப்படுத்துகின்றன. மேலே இருப்பது நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல். அங்கே கடல் மீண்டும் வருகிறது. சிப்பிகள், நாட்டிலஸ் வகைகள் எல்லாம் இருக்கின்றன. ஒரு அம்மோனைட்கூட இல்லை. கிரெட்டேசியஸ் 6 கோடியே 60 லட்சம் ஆண்டு முன் முடிந்தபோது அம்மோனைட்டுகளும் அற்றுப்போயின; அதற்குப் பின்னான கடல் அது.

மகளிடம் "ஏறக்குறைய 9 கோடி" என்று சொல்லுங்கள். யார் எண்ணியது என்று அவள் கேட்டால், அடுத்த முறை மரத்தோடு திரும்பிவிடாமல் மேற்கே காரை ஓடைகள் வரை போய்வாருங்கள். கரைச் சுவரின் களிமண்ணில் அம்மோனைட்டின் விளிம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைத் தேடச் சொல்லுங்கள். பெயர்த்து எடுக்க வேண்டாம், அடுக்கிலேயே இருக்கட்டும். பிறகு கிழக்கே சாத்தனூருக்கு வரும்போது, மரம் இந்தக் களிமண்ணுக்கு மேலே கிடக்கிறதா கீழே கிடக்கிறதா என்று அவளையே கேளுங்கள்.